ஷிஃப்ட் தொடங்குவதற்குள் சொல்லியாக வேண்டிய செய்தி

2011 அக்டோபர் 5. ஸ்டீவ் ஜாப்ஸ் இறந்த அன்று, ஆப்பிள் ஊழியர்கள் எல்லோருக்கும் தலைமைச் செயல் அதிகாரி டிம் குக்கிடமிருந்து ஒரு மின்னஞ்சல் போனது. உலகமே பேசப்போகும் ஒரு மரணத்தைச் சொல்லும் அந்தக் கடிதம் ஒரு தாளில் பாதியைக்கூட நிரப்பாது. மிகவும் வருத்தமான செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது என்று முதல் வரி. ஸ்டீவ் இன்று இறந்துவிட்டார் என்று இரண்டாவது வரி. நிறுவனம் யாரை இழந்தது, கூட வேலை பார்த்தவர்கள் யாரை இழந்தார்கள் என்று அடுத்து மூன்றே வாக்கியங்கள். ஊழியர்களுக்கென்று ஒரு நினைவுக் கூட்டம் விரைவில் நடக்கும், அதற்குள் மனத்தில் உள்ளதை எழுத நினைப்பவர்கள் இந்த முகவரிக்கு அனுப்பலாம் என்று ஒரு தகவல். வருத்தத்தைச் சொல்ல வார்த்தை போதாது, அவர் நேசித்த வேலையைத் தொடர்வோம் என்று முடிவு. கீழே ‘டிம்’ என்று மட்டும் கையெழுத்து.

அதில் இல்லாதவற்றையும் பார்க்க வேண்டும். நோயின் பெயர் இல்லை. எங்கே, எந்த நிலையில் இறந்தார் என்பது இல்லை. கடைசி நேரம் எப்படி இருந்தது என்பதைக் குடும்பத்தார் தனி அறிக்கையில் தாங்களே சொல்லிக்கொண்டார்கள். எந்தெந்தப் பொருளை அவர் உருவாக்கினார் என்ற பட்டியலும் இல்லை. படிப்பவர்கள் அந்தப் பொருள்களைச் செய்தவர்கள்தானே. பொறுப்புக்கு அடுத்து யார் வருவார் என்ற பேச்சும் வரவில்லை, ஏனென்றால் ஆறு வாரங்களுக்கு முன்பே, ஆகஸ்ட் 24 அன்று குக் அந்தப் பதவிக்கு வந்துவிட்டார். சொன்னபடியே அக்டோபர் 19 அன்று தலைமையக வளாகத்தில் ஊழியர்களுக்கான நினைவுக் கூட்டம் நடந்தது. கடைகளில் இருந்தவர்களும் அதைப் பார்ப்பதற்காகச் சில மணி நேரம் ஆப்பிள் கடைகள் மூடப்பட்டன.

கடிதம் குறுகியதாக அமைய முக்கியமான ஒரு காரணம், சொல்ல வேண்டியதில் பெரும்பகுதி முன்பே முடிவாகியிருந்தது. அவர் நெடுநாள் நோயுற்றிருந்தார். யார் எழுதுவது, குடும்பம் எதைச் சொல்லும், அலுவலகம் எதைச் சொல்லாது என்று யோசிக்க அவகாசம் இருந்தது. சாதாரண அலுவலகத்திலோ பட்டறையிலோ அந்த அவகாசம் கிடைப்பதில்லை. நேற்று மாலை கேன்டீனில் டீ குடித்தவர் இன்று காலை இல்லை என்ற நிலைதான் அதிகம். அதிலும் தமிழ்நாட்டில் இன்னொரு நெருக்கடி உண்டு. அமெரிக்க ராணுவத்தில் ஒரு வீரர் இறந்தால், குடும்பத்துக்குத் தகவல் போய் 24 மணி நேரம் கழித்துத்தான் பெயரை வெளியில் சொல்ல வேண்டும் என்று விதி. இங்கே 24 மணி நேரத்தில் பெரும்பாலும் எல்லாம் முடிந்து, வீட்டைக் கழுவிவிட்டு, வந்த உறவினர்கள் ஊருக்குப் புறப்பட்டிருப்பார்கள். அதனால் இங்கே இந்த அறிவிப்பு இரங்கல் செய்தியாக மட்டும் இருந்தால் போதாது. எந்த வீட்டுக்கு, எத்தனை மணிக்குள், எப்படிப் போவது என்பதையும் அது சொல்லியாக வேண்டும். மறுநாள் வரும் அழகான கடிதத்தை விட அன்று காலை வரும் நான்கு வரிதான் உதவும்.

இதை ஒரு உதாரணத்தோடு பார்ப்பது எளிது. கோவைப் பக்கம் மோட்டார் பம்ப் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலை என்று வைத்துக்கொள்வோம். இருநூற்றுச் சொச்சம் பேர், மூன்று ஷிஃப்ட். காலை ஆறு முதல் இரண்டு, இரண்டு முதல் இரவு பத்து, பத்து முதல் மறுநாள் ஆறு. மெஷின் ஷாப்பின் மேற்பார்வையாளருக்கு செல்வராஜ் என்று ஒரு பெயர் வைப்போம். வயது 46, பதினேழு வருட சர்வீஸ். செவ்வாய்க்கிழமை இரவு நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். 10.40-க்கு உயிர் பிரிகிறது. பதினொன்றரைக்கு அவர் மனைவியின் தம்பி எச்.ஆர். மேலாளரை அழைக்கிறார். “சார், மச்சான் தவறிட்டாருங்க.”

அந்த அழைப்பில் எதைக் கேட்டுக்கொள்வது என்பதில்தான் அடுத்த பன்னிரண்டு மணி நேரமும் அடங்கியிருக்கிறது. பேசுபவர் நிதானத்தில் இருக்க மாட்டார், ஆகவே கேள்விகள் குறைவாக இருக்க வேண்டும். அக்கா கூட யார் இருக்கிறார்கள், பிள்ளைகளுக்குத் தெரியுமா, உடலை எந்த வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள், எப்போது எடுப்பதாகப் பேச்சு, கம்பெனியில் எல்லாருக்கும் சொல்லிவிடலாமா. கடைசிக் கேள்வியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மகள் வெளியூர் ஹாஸ்டலில் இருப்பாள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லி, யாராவது போய் அழைத்துவர ஏற்பாடு செய்திருப்பார்கள். அவள் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கும்போது, அப்பாவின் படத்துக்கு மாலை போட்டு ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று யாரோ ஒரு சக ஊழியர் வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்தால் என்ன ஆகும்? இப்படி நடப்பதுண்டு. வைத்தவர் கெட்ட எண்ணத்தில் வைத்திருக்க மாட்டார். அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். “பாப்பா வந்து சேர அஞ்சு மணி ஆயிருங்க, அதுக்கப்புறம் சொல்லுங்க” என்று மச்சினர் சொன்னால், அந்த ஐந்து மணிதான் அலுவலகத்துக்கும் எல்லை.

பேசியவர் உண்மையில் உறவினர்தானா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சந்தேகப்படுவது அநாகரிகம் என்று தோன்றும். ஆனால் ஒரே பெயரில் இருவர் இருக்கும் அலுவலகத்தில் உயிரோடு இருப்பவருக்கு அஞ்சலிச் செய்தி போன கதைகள் இல்லாமல் இல்லை. பணியாளர் எண்ணையும் ஊரையும் பதிவேட்டில் ஒருமுறை பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரியிலேயே இருக்கும் இன்னொருவரிடமும் பேசிவிட்டால் அந்தச் சிக்கல் தீர்ந்தது.

இனி, யாருக்கு முதலில் சொல்வது?

உதாரணத்தில் இரவு ஷிஃப்ட் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. செல்வராஜின் கீழ் வேலை பார்க்கும் பன்னிரண்டு பேர் லேத்திலும் டிரில்லிங் மெஷினிலும் நிற்கிறார்கள். அவர்களில் ஒருவர் செல்வராஜுக்குத் தூரத்துச் சொந்தம், அதே தெரு. இவருக்கு முதலில் வீட்டிலிருந்து போன் வர வாய்ப்பு உண்டு. ஓடும் மெஷின் முன்னால் நின்று அந்தப் போனை எடுக்கக் கூடாது. இரவுப் பொறுப்பாளர் அவரைத் தனியாக அறைக்கு அழைத்து, உட்காரவைத்து, “செல்வராஜண்ணன் இறந்துட்டாருப்பா” என்று நேரே சொல்லி, அவரை வீட்டுக்கு அனுப்ப வண்டி ஏற்பாடு செய்வதுதான் முறை. அவரே பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பக் கூடாது. மகள் வந்து சேரும்வரை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். மற்றவர்களுக்கு? அதிகாலை ஐந்து மணி என்று குடும்பம் கேட்டிருக்கிறது. ஷிஃப்ட் முடிவது ஆறு மணிக்கு. ஆக, ஐந்தே காலுக்கு மெஷின்களை நிறுத்தி, எல்லோரையும் ஒரு பக்கம் கூட்டிச் சொல்லிவிட்டு, மிச்சமிருக்கும் நேரத்துக்கு மெஷினைத் தொடச் சொல்லாமல் விட்டுவிடலாம். துக்கச் செய்தி கேட்டவரின் கை கொஞ்ச நேரத்துக்கு அவர் சொன்னதைக் கேட்காது. பிரஸ்ஸிலும் லேத்திலும் அது விரல் போகும் விஷயம். முக்கால் மணி நேர உற்பத்தியைக் கணக்குப் பார்ப்பது வீண்.

காலை ஆறு மணி ஷிஃப்டில் வருபவர்களுக்கு ஐந்தே முக்காலுக்கு கேட்டுக்கு உள்ளேயே சொல்ல வேண்டும். இதிலும் வரிசை உண்டு. மெஷின் ஷாப் ஆட்களை மட்டும் முதலில் தனியாக நிறுத்தி, அவர்களுக்கு மேலே இருக்கும் உற்பத்தி மேலாளர் வாயால் சொல்வார். தினமும் முகம் பார்த்த ஒருவரின் சாவைச் சுவரொட்டியில் படித்துத் தெரிந்துகொள்வது அவர்களுக்கு இழைக்கும் அவமரியாதை. மைக்கில் அறிவிப்பதும் அப்படித்தான். மற்றப் பிரிவுகளுக்கு அவரவர் பொறுப்பாளர்கள் சொன்னால் போதும். எழுத்து அறிவிப்பு அதற்குப் பிறகு, எட்டரை மணிக்கு அலுவலக ஊழியர்கள் வரும் நேரத்தில் அறிவிப்புப் பலகையிலும் மின்னஞ்சலிலும் வரும்.

எப்போதும் விட்டுப்போகிற சிலர் இருக்கிறார்கள். விடுப்பில் இருப்பவர்கள், மகப்பேறு விடுப்பில் இருக்கும் கணக்குப் பிரிவுப் பெண், சர்வீஸ் வேலையாக மதுரை போயிருக்கும் டெக்னீஷியன், இரண்டு மாதம் முன் ஓய்வு பெற்றவர். இவர்கள் மின்னஞ்சல் பட்டியலில் இருக்கலாம், ஆனால் பார்க்க மாட்டார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்கள் பட்டியலிலேயே இருக்க மாட்டார்கள். செல்வராஜ் தினமும் காலையில் வணக்கம் சொல்லிப் போன செக்யூரிட்டியும், அவருக்குச் சர்க்கரை இல்லாத காப்பி தனியாக எடுத்துவைத்த கேன்டீன் அம்மாவும் கம்பெனி ஊழியர்கள் அல்ல. ஆனால் அவரைப் பாதி மேலாளர்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள். டெக்னீஷியனை அழைக்கும்போது முதலில் கேட்க வேண்டியது, “வண்டி ஓட்டிட்டிருக்கீங்களா?” ஆமென்றால், “ஓரமா நிறுத்திட்டுக் கூப்பிடுங்க” என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இப்போது அந்த எழுத்து அறிவிப்பு. இத்தனை போன்களுக்குப் பிறகு அது இவ்வளவு சிறியதாக வந்துவிடுகிறது:

துயரச் செய்தி: திரு. செல்வராஜ், மெஷின் ஷாப்

நம் மெஷின் ஷாப் மேற்பார்வையாளர் திரு. செல்வராஜ் நேற்று (செவ்வாய்) இரவு காலமானார். மிகுந்த வருத்தத்துடன் இதைத் தெரிவிக்கிறோம்.

பதினேழு ஆண்டுகள் நம்முடன் வேலை பார்த்தவர். இங்கே லேத் பழகியவர்களில் பலர் அவரிடம்தான் பழகினார்கள்.

அவரது உடல் பல்லடம் சாலையில் உள்ள வீட்டில் வைக்கப்பட்டிருக்கிறது. இன்று மாலை 4 மணிக்கு இறுதிச் சடங்கு. கேட்டிலிருந்து 12 மணிக்கும் 2.15-க்கும் வேன் புறப்படும். போக விரும்புகிறவர்கள் உங்கள் பொறுப்பாளரிடம் சொன்னால் போதும். இந்த நேரம் விடுப்பாகக் கணக்கிடப்படாது. இரண்டு மணி ஷிஃப்டில் வருபவர்கள் நேரே அங்கே போய்விட்டு ஆறு மணிக்கு வேலைக்கு வரலாம்.

குடும்பத்தாரை இன்று போனில் அழைக்க வேண்டாம். கேட்க வேண்டியது எதுவானாலும் எச்.ஆர். பிரிவில் கேளுங்கள். இன்று வேலை பார்க்க முடியாத நிலையில் இருப்பவர்கள் தயங்காமல் சொல்லுங்கள்.

கீழே பொது மேலாளரின் பெயரும் கையெழுத்தும் இருக்கும். ‘நிர்வாகம்’ என்று போட்டால் யாரோ எழுதி யாரோ ஒட்டியது போல ஆகிவிடும்.

இதில் பேச வேண்டிய சில இடங்கள் உண்டு. ‘காலமானார்’ என்பதே இங்கே பொருத்தம். ‘இறைவனடி சேர்ந்தார்’, ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ போன்றவை குடும்பத்தின் நம்பிக்கையைச் சேர்ந்தவை. குடும்பம் அச்சிடும் தாளில் அவை இருக்கட்டும். ‘நம்மை விட்டுப் பிரிந்தார்’ என்று எழுதினால், வேலையை விட்டுப் போய்விட்டாரோ என்று ஒரு நொடி குழம்புகிற ஆட்கள் உண்டு. அறிவிப்புத் தாளில் அந்த ஒரு நொடிக்கும் இடம் தரக் கூடாது. மாரடைப்பு என்பது எல்லோருக்கும் தெரிந்தாலும், காரணத்தை எழுதவில்லை. குடும்பம் எழுதச் சொன்னால் எழுதலாம். சொல்லாதபோது அது அவர்கள் வீட்டு விஷயம்.

அவரைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. ‘கடின உழைப்பாளி, அனைவரிடமும் அன்பாகப் பழகியவர்’ என்ற வரியை எந்தப் பெயருக்கும் கீழே ஒட்டிவிடலாம். லேத் சொல்லிக்கொடுத்தவர் என்ற வரி அவருக்கு மட்டும்தான் ஒட்டும். இந்த ஒரு வரிக்காகப் பொது மேலாளர் மெஷின் ஷாப்பில் யாரிடமாவது இரண்டு நிமிடம் பேசியிருக்க வேண்டும். பேசாமல் எழுதினாரா என்பது படிக்கிறவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். மிகையும் ஆபத்துதான். செல்வராஜ் கோபக்காரர் என்பது ஊரறிந்த விஷயமாக இருக்கும்போது ‘கடுஞ்சொல் அறியாதவர்’ என்று எழுதினால் துக்கத்திலும் சிரிப்பு வந்துவிடும்.

வேனும் நேரமும் வாசகருக்கு வறட்டுத் தகவலாகத் தோன்றலாம். ஆறுதல் இருப்பது அங்கேதான். 2024 செப்டம்பரில் நாடு முழுக்க ஒரு கடிதம் பேசப்பட்டது. புனேயில் ஒரு பெரிய கணக்குத் தணிக்கை நிறுவனத்தில் சேர்ந்து நான்கே மாதங்களில் இறந்துபோன கேரளத்து இளம்பெண்ணின் தாய், அந்த நிறுவனத்தின் இந்தியத் தலைவருக்கு எழுதியது. வேலைப்பளுதான் அந்தக் கடிதத்தின் மையம். ஆனால் படித்தவர்கள் மனத்தில் தங்கிய இன்னொரு வரி, மகளின் இறுதிச் சடங்குக்கு அலுவலகத்திலிருந்து ஒருவர்கூட வரவில்லை என்பது. வேலைப்பளு காரணமா இல்லையா என்று வாதாட இடமிருக்கலாம். யாரும் வரவில்லை என்பதற்கு வாதமே கிடையாது. அந்தத் தலைவரும் அது நடந்திருக்கக் கூடாது என்று பொதுவெளியில் எழுத வேண்டியதாயிற்று. நம் வீடுகளில் சாவுக்கு யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பது இருபது வருடமானாலும் மறக்காது. கம்பெனி அனுப்பிய வேனில் சீருடையோடு முப்பது பேர் வந்து இறங்கியதை அந்தக் குடும்பம் சொல்லிக்கொண்டே இருக்கும். ‘விடுப்பாகக் கணக்கிடப்படாது’ என்ற இரண்டு சொற்கள் இல்லாவிட்டால் அந்த முப்பது, பத்தாகிவிடும். தினக்கூலிக் கணக்கில் இருக்கும் ஒப்பந்த ஆட்களுக்கும் அது பொருந்துமா என்பதை அறிவிப்பு போவதற்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். கேட்டில் வைத்துத் தகராறு செய்து முடிவெடுக்கும் விஷயமல்ல அது.

எல்லா மரணத்துக்கும் நேரம் இப்படி ஒழுங்காகச் சொல்லிவிட முடியாது. சாலை விபத்து என்றால் உடல் அரசு மருத்துவமனைப் பிணவறையில் இருக்கும். போலீஸ் விசாரணை, பிரேதப் பரிசோதனை எல்லாம் முடிந்து எப்போது தருவார்கள் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அப்போது உத்தேசமாக ஒரு நேரம் போட்டுவிட்டுப் பிறகு மூன்று தடவை திருத்துவதைவிட, “இறுதிச் சடங்கு நேரம் தெரிந்ததும் பகல் 12 மணிக்கு மறுபடி தெரிவிக்கிறோம்” என்று எழுதிவிட்டு, தெரியாவிட்டாலும் 12 மணிக்கு “இன்னும் தெரியவில்லை” என்றாவது ஒரு வரி அனுப்புவது நல்லது. விபத்து தொழிற்சாலைக்குள்ளேயே நடந்திருந்தால் நிலைமை வேறு. அங்கே தொழிற்சாலை ஆய்வாளருக்கும் போலீசுக்கும் தகவல் தர வேண்டிய சட்டக் கடமை வந்துவிடுகிறது. அறிவிப்பில் காரணத்தைப் பற்றிய ஊகம் ஒரு சொல்கூட வரக் கூடாது. குறிப்பாக, இறந்தவர் பக்கம் கவனக்குறைவு இருந்தது என்ற தொனி வரவே கூடாது. பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் அந்தத் தாளைப் படிப்பார்கள்.

தற்கொலைதான் மிகக் கடினமானது. இங்கே இரண்டு தவறுகள் நடக்கின்றன. ஒன்று, ‘மாரடைப்பு’ என்று எழுதிவிடுவது. மதியத்துக்குள் உண்மை தெரிந்து, அதன் பிறகு நிர்வாகம் சொல்லும் எதையும் யாரும் நம்ப மாட்டார்கள். இன்னொன்று, தெரிந்ததையெல்லாம் சொல்லிவிடுவது. தற்கொலைச் செய்திகளை எழுதும் பத்திரிகையாளர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் தந்திருக்கும் அறிவுரை அலுவலக அறிவிப்புக்கும் அப்படியே பொருந்தும். எந்த முறையில், எந்த இடத்தில் என்று சொல்லக் கூடாது. கடிதம் எழுதிவைத்தார் என்று சொல்லக் கூடாது. கடன், காதல், மேலதிகாரி என்று ஒரே காரணத்தில் முடித்துவிடக் கூடாது. ஏற்கெனவே தவித்துக்கொண்டிருக்கும் இன்னொருவருக்கு அந்த விவரங்கள் வழிகாட்டியாகிவிடலாம் என்பதுதான் அந்த அறிவுரைக்குப் பின்னால் உள்ள அனுபவம்.

அப்படியானால் எழுதுவது எப்படி? குடும்பம் சம்மதித்தால் ‘தற்கொலையால் இறந்தார்’ என்று சொல்லிவிடலாம். சம்மதிக்காவிட்டால் ‘காலமானார், மற்ற விவரங்களைக் குடும்பத்தார் தங்களுக்குள் வைத்துக்கொள்ள விரும்புகிறார்கள், அதை மதிப்போம்’ என்று எழுதினால் பொய்யும் இல்லை, புறணிக்குத் தீனியும் இல்லை. இந்த அறிவிப்பில் மட்டும் உதவி எண்கள் கட்டாயம் இருக்க வேண்டும்: மத்திய அரசின் டெலி மானஸ் சேவை 14416, தமிழக அரசின் 104, சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா தற்கொலைத் தடுப்பு மையம் 044-24640050. எண்ணைத் தாளில் போட்டதோடு வேலை முடிந்துவிடாது. இறந்தவரோடு கடைசியாகச் சண்டை போட்டவர், அவர் விடுப்பை மறுத்தவர், முந்தின நாள் அவர் போன் செய்தும் எடுக்காதவர் என்று இரண்டு மூன்று பேர் எந்த அலுவலகத்திலும் இருப்பார்கள். அவர்கள் அறிவிப்பைப் படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் தங்கள் இருக்கைக்குப் போய்விடுவார்கள். பொறுப்பாளர் தேடிப்போய் உட்கார வேண்டியது அவர்களிடம்தான்.

பொதுவாகவே, செய்தி சொல்லும் அந்த ஐந்து நிமிடக் கூட்டத்தில் மேலாளர்கள் தடுமாறுவது மௌனத்தில்தான். சொன்னவுடன் ஒரு நிசப்தம் வரும். அதைத் தாங்க முடியாமல் சிலர் பேச ஆரம்பிக்கிறார்கள்: “காலம்தான் மருந்து”, “அவர் ஆத்மா நாம் நல்லா வேலை செய்யறதைத்தான் விரும்பும்.” இந்த இரண்டாவது வாக்கியத்தைக் கேட்டு முகம் சுளிக்காத தொழிலாளி இல்லை. சும்மா நிற்கலாம். ஒருவர் அழுதால் அழட்டும். தேவையான கேள்வி தானாக வரும். பெரும்பாலும் அது, “பசங்க என்ன படிக்கறாங்க?” என்பதாகத்தான் இருக்கும். தெரிந்தால் சொல்வது, தெரியாவிட்டால் கேட்டுச் சொல்வதாகச் சொல்வது. அவருடைய வேலையை யார் பார்ப்பது என்று ஒருவர் கேட்டால், “இந்த வாரம் மட்டும் நான் பார்த்துக்கறேன், மத்தது திங்கக்கிழமை பேசலாம்” என்று முடித்துக்கொள்ளலாம். இரங்கல் அறிவிப்பும் புதிய நியமன அறிவிப்பும் ஒரே தாளில் வரவே கூடாது.

வெளியே இருப்பவர்களுக்குச் சொல்வதும் ஒரு வேலை. செல்வராஜிடம் தினமும் பேசும் வார்ப்பட ஃபவுண்டரிக்காரர் அடுத்த நாளும் அவர் எண்ணுக்குத்தான் அழைப்பார். எடுப்பது அவர் மனைவியாக இருக்கும். “லோடு எப்ப சார் எடுக்கறீங்க?” என்ற கேள்வியை அந்த அம்மா கேட்க நேரக் கூடாது. அவரோடு அடிக்கடி பேசிய சப்ளையர்கள் யார் யார் என்று மெஷின் ஷாப் ஆட்களைக் கேட்டு அன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.

மனிதர்களை விடவும் கணினிதான் அதிகம் புண்படுத்துகிறது என்று எச்.ஆர். ஆட்கள் சொல்வார்கள். வருகைப் பதிவு மென்பொருள், மூன்று நாள் வரவில்லை என்று இறந்தவரின் போனுக்கு விளக்கம் கேட்டுக் குறுஞ்செய்தி அனுப்பும். பிறந்தநாள் வாழ்த்து தானாகப் போகும், அதுவும் எல்லோருக்கும் நகலோடு. அதற்காக அவசரப்பட்டு அவர் பெயரை எல்லா இடத்திலிருந்தும் அன்றே அழிப்பதும் தவறு. சம்பளப் பட்டியலில் வேலை பார்த்த நாள்களுக்கான ஊதியம் பாக்கி இருக்கும். வாட்ஸ்அப் குழுவிலிருந்து அட்மின் அவர் எண்ணை நீக்கினால் அந்த நீக்கம் குழுவில் ஒரு வரியாகத் தெரியும். அதைப் பார்த்துக் கலங்குகிறவர்கள் உண்டு. முதலில் தானியங்கிச் செய்திகளை மட்டும் நிறுத்திவிட்டு, மற்றதைப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். லாக்கரையும் அப்படியே. இரண்டு பேர் சேர்ந்து திறந்து, இருந்ததை எழுதிக்கொண்டு, குடும்பத்தில் ஒருவரிடம் நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். பழைய டிபன் பாக்ஸ்தானே என்று தூக்கிப் போட்டுவிடக் கூடாது.

பண விஷயம் அறிவிப்பில் வரக் கூடாது. ஒருநாள் சம்பளம் தருவது என்று ஊழியர்கள் முடிவு செய்தால், விருப்பப்பட்டவர்கள் மட்டும் என்று தனியாகச் சொல்லலாம். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியலை ஒட்டக் கூடாது. ஆனால் குடும்பத்துக்குச் சேர வேண்டிய தொகைக்கான வேலையை எச்.ஆர். அந்த வாரமே தொடங்கிவிட வேண்டும். வருங்கால வைப்பு நிதி, அதோடு இணைந்த குடும்ப ஓய்வூதியம், இ.டி.எல்.ஐ. எனப்படும் காப்பீடு ஆகிய மூன்றுக்கும் சேர்த்து மரண நிகழ்வுக்கென்று ஒரே கூட்டு விண்ணப்பம் இருக்கிறது. காப்பீட்டில் அதிகபட்சமாக 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். தங்கள் பிடித்தத்தோடு இப்படி ஒரு காப்பீடு இருப்பதே பல குடும்பங்களுக்குத் தெரியாது. பணிக்கொடைக்கு ஐந்து வருட சர்வீஸ் வேண்டும் என்ற நிபந்தனை இறந்தவர்களுக்குக் கிடையாது. இரண்டு வருடத்தில் இறந்தவரின் குடும்பத்துக்கும் அது உண்டு. சிக்கல் வருவது நாமினேஷனில். கல்யாணத்துக்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்தபோது எழுதிக்கொடுத்தது அப்படியே கிடக்கும். மனைவி பெயர் எங்கேயும் இருக்காது. அப்போது வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகத்துக்கு அலைய வேண்டியிருக்கும். கணவர் இறந்து ஒரு மாதமான பெண் தனியாக அங்கே போய் நிற்காமல், தாள்களை எடுத்துக்கொண்டு கம்பெனியிலிருந்து ஒருவர் கூடப் போவதற்கு எந்த விதியும் குறுக்கே நிற்கவில்லை. அந்த ஒருவர் யார் என்பதை, மாலை நான்கு மணி இறுதிச் சடங்குக்கு வேன் கிளம்புவதற்கு முன்பே தீர்மானித்து, அவர் பெயரையும் எண்ணையும் மச்சினரிடம் எழுதிக் கொடுத்துவிடும் நிறுவனங்கள் சில இருக்கின்றன.